அடையாளம் என்ற ஒரு சொல்

மூன்று ஆண்டுகளுக்கு முன், பெங்களூருவில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த புதிதில், ஒரு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவிலிருந்து எனக்கு ஒரு பக்கத்தாள் ஒன்று வந்தது. நோயாளியின் உடலில் நோய் தெரியும் பகுதியைப் புகைப்படம் எடுத்து, மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தவும் ஆய்விதழில் வெளியிடவும் நோயாளியிடம் பெறும் ஒப்புதல் படிவம் அது. ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் இருந்தது. ஒசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வருகிறவர்கள், நகரத்திலேயே இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் தமிழர்கள் என்று நிறையப் பேர் அங்கே வருவதால் தமிழிலும் வேண்டும் என்றார்கள். மொழியியல் படித்தவன், தமிழன் என்ற இரண்டு தகுதிகள் போதுமென்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரே மாலையில் முடித்துக் கொடுத்தேன்.

நெறிமுறைக் குழு வழக்கம்போல் மீள்மொழிபெயர்ப்பு கேட்டது. ஆங்கில மூலத்தைப் பார்த்திராத வேறொருவர் என் தமிழை மறுபடியும் ஆங்கிலமாக்குவார். அது மூலத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். நன்றாகவே பொருந்தியது. இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். படிவம் புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதில் ஒரு வாக்கியம் இப்படி இருந்தது: ‘எனது அடையாளம் எக்காரணம் கொண்டும் வெளியிடப்பட மாட்டாது.’

சென்ற ஆண்டு, மருத்துவமனைகளில் படிவங்கள் எவ்வாறு வாசிக்கப்படுகின்றன என்ற என் ஆய்வுக்காக, உரிய அனுமதியுடன் அதே பிரிவின் புறநோயாளிகள் கூடத்தில் சில வாரங்கள் உட்கார்ந்திருந்தேன். கையெழுத்திட்டவர்களிடம், அவர்களுக்கு விருப்பமிருந்தால், ஒரே கேள்வி கேட்பேன்: ‘வீட்டுக்குப் போனதும் இந்தத் தாளைப் பற்றி வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?’ ‘புரிந்ததா?’ என்று கேட்டால் யாரும் ‘புரிந்தது’ என்றுதான் சொல்வார்கள். டாக்டர் நிற்கும்போது வேறு எதைச் சொல்ல முடியும்? ஆகவே அந்தக் கேள்வியை நான் கேட்பதில்லை.

ஐம்பது வயதை ஒட்டிய ஒரு அம்மா மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். வீட்டு வேலைக்குப் போகிறவர். ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர். விரலை வரியின் கீழ் வைத்து நிதானமாக வாசிப்பார். நான்கு மாதங்களுக்கு முன் இதே படிவத்தில் கையெழுத்திட்டிருந்தார். அவருக்கு வெண்புள்ளி. காயம் பட்ட இடத்தின் வழியாகவே அந்தப் புள்ளி புதிதாகத் தோன்றுவது இந்த நோயின் இயல்புகளில் ஒன்று. கோப்னர் நிகழ்வு என்று அதற்குப் பெயர். அந்த அம்மா ஒரு திருவிழாவில் முன்னங்கையில் ஒரு பெயரைப் பச்சை குத்திக்கொண்டிருந்தார். ஊசி போன கோட்டிலேயே வெண்மை படர்ந்து, எழுத்துகளைச் சுற்றி விளிம்பு கட்டியதுபோல் இருந்தது. பாடப்புத்தகத்துக்கென்றே அமைந்த படம் என்று முதுநிலை மாணவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

என் கேள்விக்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். “என் கையில இருக்கற இந்த அடையாளத்த யாருக்கும் காட்ட மாட்டோம்னு எழுதிக் குடுத்திருக்காங்க தம்பி. போட்டோ வைத்தியத்துக்கு மட்டுந்தான்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியபோது உட்கார முடியவில்லை. பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்று ஒரு இடம் இருக்குமே, வலது கன்னத்தில் ஒரு மச்சம், இடது முழங்காலில் ஒரு தழும்பு என்று எழுதுவார்களே, அந்த அடையாளம்தான் அவருடைய அடையாளம். மச்சம், தழும்பு, பச்சை, புள்ளி. தோலில் தெரிவது. ‘ஒருவர் இன்னார் என்று அறியப்படும் தன்மை’ என்பது நானும் என் போன்றவர்களும் கட்டுரைகளிலும் கருத்தரங்குகளிலும் அச்சொல்லுக்கு ஏற்றிய பொருள். என் அகராதியில் தவறில்லை. அவருடைய வாசிப்பிலும் தவறில்லை. ஆனால் தோல் நோய்ப் பிரிவில் வைத்து ஒருவரிடம் ‘உங்கள் அடையாளம் வெளியிடப்படாது’ என்று எழுதிக் கொடுத்தால், எந்தப் பொருள் முந்திக்கொண்டு வரும் என்பதை யோசித்திருக்க வேண்டியவன் நான். அவர் கையெழுத்திட்டது, அந்தப் புள்ளி படத்தில் யாருக்கும் காட்டப்படாது என்ற வாக்குறுதியின் கீழ். மருத்துவர்கள் பெற்றுக்கொண்டது, அந்தப் புள்ளியைக் காட்டுவதற்கான ஒப்புதலை.

மீள்மொழிபெயர்ப்பு இதை ஏன் பிடிக்கவில்லை என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்தேன். அதைச் செய்தவரும் என்னைப்போல் இரு மொழியும் கற்றவர். அவர் கண்ணில் ‘அடையாளம்’ பட்டதும் ஆங்கிலச் சொல் தானாக வந்து நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் இருவர் ஒருவரையொருவர் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்பதை மட்டுமே அந்தச் சோதனை நிறுவுகிறது. தாளை வாசிக்கப் போகிறவர் அந்தச் சுற்றுக்குள் எங்கும் வருவதில்லை.

நான் விளக்கிச் சொன்னபின் அந்த அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பொண்ணுக்குப் பார்த்துக்கிட்டிருக்கோம்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். வெண்புள்ளி தொற்றுவதில்லை என்பது அவருக்கும் தெரியும். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

மருத்துவரிடம் போனேன். அவர் நல்லவர், உண்மையிலேயே அதிர்ந்துபோனார். ஆனால் அவர் முதலில் கேட்ட கேள்வி இயல்பானது: “முகம் படத்தில் இல்லையே?” இந்தியாவில் மருத்துவர்களின் நடத்தையை நெறிப்படுத்தும் 2002ஆம் ஆண்டின் விதிகளில் 7.17 என்ற பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. யாரென்று கண்டறியக்கூடிய வகையில் நோயாளியின் படத்தையோ நோய் விவரத்தையோ அவருடைய அனுமதியின்றி வெளியிடக் கூடாது. அவ்வாறு வெளிப்படுத்தப் போவதில்லையென்றால் ஒப்புதல் தேவையில்லை என்பது அதன் சாரம். கண்டறியக்கூடியது என்றால் யாரால்? விதி சொல்லவில்லை. மருத்துவர் மனத்தில் இருக்கும் பார்வையாளர், வேறொரு ஊரில் கட்டுரையைப் படிக்கும் மற்றொரு மருத்துவர். அவருக்கு அந்த முன்னங்கை வெறும் முன்னங்கை. நோயாளியின் மனத்தில் இருக்கும் பார்வையாளர் எதிர்வீட்டுக்காரர். அவருக்குப் பச்சை குத்திய அந்தப் பெயரே போதும். பழைய படங்களில் கண்களின்மேல் கறுப்புப் பட்டை போடுவார்களே, அது போதிய காப்பல்ல என்று மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவே தன் பரிந்துரைகளில் எழுதியிருக்கிறது. தெரிந்தவர்கள் கண்ணைப் பார்த்தா ஆளைக் கண்டுகொள்கிறார்கள்? மூக்குத்தி, தாலிக்கயிறு, சேலைக் கரை, ஒரு விரலின் வளைவு, எதுவும் போதும்.

மற்ற படங்களில் இவற்றை வெட்டி நீக்கிவிட முடியும். இந்தப் படத்தில் முடியாது. எழுத்துகளின் வழியே நோய் படர்ந்திருப்பதுதான் பாடம். எழுத்துகளை அழித்தால் படத்தில் கற்பிக்க எதுவும் மிஞ்சாது. ஆளைக் காட்டிக்கொடுப்பதும் பாடத்தைக் காட்டுவதும் ஒன்றாகவே இருக்கும் இத்தகைய படங்களுக்குத்தான் ஒப்புதல் உண்மையாகவே தேவைப்படுகிறது. அங்கேதான் என் வாக்கியம் சரிந்தது.

அன்றிரவு என் மொழிபெயர்ப்பை முழுவதும் எடுத்து வைத்து, வேறொருவர் எழுதியதுபோல் வாசித்தேன். மையமான வாக்கியம் இது: ‘எனது புகைப்படங்கள் கல்வி மற்றும் ஆராய்ச்சி வெளியீடுகளுக்காகப் பயன்படுத்தப்படலாம்.’ யார் பயன்படுத்துவார்கள்? செயப்பாட்டு வினை அதை மறைத்துவிட்டது. தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு என்று வகுப்பில் பெருமையாகச் சொல்வோம்; கேட்பவரைச் சேர்த்தா விலக்கியா என்பதைச் சொல்லாமல் தமிழில் தன்மைப் பன்மைப் பெயரைப் பயன்படுத்தவே முடியாது. ‘-படும்’ வந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஆளே இல்லாமல் வேலை நடந்துவிடும். அடுத்தது ‘லாம்’. ‘நீ போகலாம்’ என்றால் அனுமதி. ‘மழை வரலாம்’ என்றால் ஊகம். ‘பயன்படுத்தப்படலாம்’ எது? மருத்துவமனை அதை அனுமதியாக வாசிக்கிறது. நான் கேட்ட பலர் அதை ஊகமாக வாசித்தார்கள்: ‘பயன்படுத்தினாலும் பயன்படுத்துவாங்க, இல்லாமலும் போகும்.’ ஆங்கில மூலத்திலும் இதே இரட்டை உண்டு. அங்கே சட்டப் பழக்கம் அதை அனுமதி என்று தீர்த்துவிடுகிறது. தமிழில் அப்படித் தீர்த்துவைக்கும் பழக்கம் எதுவும் இல்லை. படிவம் முழுவதிலும் ‘நான் சம்மதிக்கிறேன்’ என்ற வினைமுற்று ஓரிடத்திலும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். நோயாளி ஒரு வானிலை அறிக்கையின் கீழ் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார்.

சம்மதம் என்ற சொல்லையே நான் முதலில் தவிர்த்திருந்தேன்; கல்யாண வாடை அடிக்கிறது என்று எண்ணினேன். தலைப்பில் ‘அனுமதிப் படிவம்’ என்று போட்டால் படுக்கையில் சேர்க்கும் படிவம் என்று நினைக்கிறார்கள், ஏனென்றால் மருத்துவமனையில் அனுமதி என்றால் உள்நோயாளியாகச் சேர்ப்பது. ‘ஒப்புதல்’ என்றால் பணம் கட்டியதற்கான சீட்டு, அல்லது காவல் நிலைய வாக்குமூலம். ‘இசைவு’ அழகான சொல், யாருக்கும் புரிவதில்லை. கடைசியில் கல்யாணச் சொல்தான் சரியானது. ‘பொண்ணுக்குச் சம்மதமா?’ என்று கேட்பதில் வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு பேச்சளவிலாவது இருக்கிறது. நடைமுறையில் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு கதை.

மூன்றாவது ஒரு வாக்கியம். ‘எந்நேரமும் காரணம் கூறாமல் விலகிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு, அதனால் என் சிகிச்சை பாதிக்கப்படாது.’ இது மூலத்தில் இருந்தது, நான் மொழிபெயர்த்தேன். இது மருந்து ஆராய்ச்சிப் படிவங்களிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட வாக்கியம் என்று நினைக்கிறேன். ஆராய்ச்சியில் கலந்துகொள்பவர் விலக முடியும்; நாளை முதல் மாத்திரை சாப்பிடாமல் இருந்தால் போதும். புகைப்படத்தில் அவர் விலகினாலும் படம் விலகாது. ‘விலகிக்கொள்’ என்ற வினைக்கு எழுவாய் ஆள்தான்; படத்துக்கு அந்த வினை பொருந்தவே இல்லை. படம் கோப்பில் மட்டும் இருக்கும் வரை அழித்துவிடலாம். வகுப்புக்குப் போய்விட்டால் பாதிதான் அழிக்க முடியும். ஆய்விதழில் அச்சாகிவிட்டால் முடியவே முடியாது. இப்போது பல இதழ்கள் கட்டணமின்றி எவரும் படிக்கும் வகையில், CC BY என்ற உரிமத்தின் கீழ் வெளியிடுகின்றன. மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும், வணிகத்துக்கும்கூட, அதிலுள்ளதை எடுத்தாளலாம். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. ஒப்புதலைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நல்ல கொள்கை. ஆனால் சட்டம் திரும்பப் பெறச் சொல்வதாலேயே அச்சான பக்கம் வெற்றாகிவிடாது. முடியாததை முடியாது என்று படிவம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

அந்த அம்மாவின் படம் கட்டுரையாக இன்னும் போகவில்லை, வரைவில் இருந்தது. மருத்துவர் அன்றே எடுத்துவிட்டார். வகுப்பு ஸ்லைடிலிருந்தும் நீக்கினார். ஆனால் அந்த ஸ்லைடுகள் பி.டி.எஃப். ஆக மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஏற்கெனவே போயிருந்தன. குழுவில் அழிக்கச் சொல்லிச் செய்தி போட்டார். பலரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அந்தக் கட்டைவிரல்களுக்குப் பின்னால் எத்தனை கைபேசிகளில் அந்தக் கை இன்னும் இருக்கிறது என்பதை யாராலும் சொல்ல முடியாது. இதை அந்த அம்மாவிடம் நானே சொன்னேன். அவர் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்: “படிக்கிற பிள்ளைங்க பார்க்கட்டும் தம்பி, அதுல ஒண்ணுமில்ல. போன்ல எல்லாரும் பார்க்கறதுதான் வேண்டாம்.”

வகுப்பு வேறு, வெளியீடு வேறு என்று அவர் ஒரே மூச்சில் பிரித்துவிட்டார். எங்கள் படிவம் இரண்டையும் ‘கல்வி மற்றும் ஆராய்ச்சி வெளியீடுகள்’ என்று ஒரே தொடரில் கட்டி, கீழே ஒரே கையெழுத்துக் கோடு போட்டிருந்தது. ஒரு செயலுக்குத் தந்த ஒப்புதல் இன்னொன்றுக்கு ஆகாது என்பதைச் சிகிச்சை விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2008இல், சமிரா கோலி வழக்கில், தெளிவாகச் சொல்லியிருக்கிறது: பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டவரிடம் அதையே காட்டி அறுவை சிகிச்சை செய்ய முடியாது. புகைப்படத்துக்கு மட்டும் ஒரே கோடு எப்படிப் போதும்?

புதிய வரைவில் மூன்று கேள்விகள் தனித்தனியே நிற்கின்றன. ‘உங்கள் சிகிச்சைக் கோப்பில் வைக்க இந்தப் படத்தை எடுக்கலாமா? இந்த மருத்துவமனையில் படிக்கும் மாணவர்களுக்கு வகுப்பில் காட்டலாமா? டாக்டர்கள் படிக்கும் புத்தகத்திலும் இணையத்திலும் போடலாமா?’ ஒவ்வொன்றின் எதிரிலும் ‘சம்மதம்’, ‘வேண்டாம்’ என்று ஒரே அளவில் இரண்டு கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கையெழுத்து. மூன்றாவது கேள்வியின் கீழ் இப்படி எழுதினேன்: ‘உங்கள் பெயரைப் போட மாட்டோம். ஆனால் உங்களைத் தெரிந்தவர்கள் இந்தப் படத்தைப் பார்த்தால், இது நீங்கள்தான் என்று கண்டுபிடித்துவிடக்கூடும். இணையத்தில் போட்ட படத்தை யாரும் கைபேசியில் பார்க்க முடியும். அச்சான பிறகு நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலும் எங்களால் திரும்ப எடுக்க முடியாது. அச்சாவதற்கு முன் எப்போது சொன்னாலும் நிறுத்திவிடுவோம்.’ படத்தை எடுத்தபின் அதையே நோயாளியிடம் காட்டி, அதற்குப் பிறகுதான் மூன்றாவது கையெழுத்தைக் கேட்க வேண்டும் என்றும் சேர்த்தேன். எந்தப் படம் என்று தெரியாமல் எதற்குச் சம்மதிப்பது?

குழுவில் எதிர்ப்பு இருந்தது. பயமுறுத்துகிறது என்றார் ஒருவர். மொழி தரமாக இல்லை, ‘கண்டுபிடித்துவிடக்கூடும்’ என்பது அலுவல் தமிழா என்றார் இன்னொருவர். ஒரு பக்கம் இரண்டு பக்கமாகிவிட்டது என்பது மூன்றாவது குறை. அது மட்டும் நியாயமானது. நெரிசலான புறநோயாளிகள் கூடத்தில், வரிசை வாசல் வரை நிற்கும்போது, ஒரு முதுநிலை மாணவர் இதை வாசித்துக்காட்டி, திரும்பச் சொல்லக் கேட்டு, கையெழுத்து வாங்க ஏழெட்டு நிமிடங்கள் ஆகின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவர் பெருவிரல் ரேகை வைக்கும்போது சாட்சியாக வெளியாள் ஒருவர் வேண்டும். நடைமுறையில் கையருகே கிடைப்பவர் அதே பிரிவின் செவிலியர்தான். சொற்களை மாற்றி இவற்றைத் தீர்க்க முடியவில்லை. இரண்டாம் வரைவு இப்போது பரிசோதனை முறையில் புழக்கத்தில் இருக்கிறது. மூன்றாவது கட்டத்தில் ‘வேண்டாம்’ என்று குறிப்பவர்கள் முன்பைவிடக் கூடியிருக்கிறார்கள் என்று மருத்துவர் சற்று வருத்தத்தோடு சொன்னார். முன்பு அப்படியொரு கட்டமே இருக்கவில்லை என்று நான் நினைவூட்டினேன்.

இதை எழுதுவதற்கு முன் அந்த அம்மாவிடம் கேட்டேன். ‘யார் படிப்பாங்க?’ என்றார். ‘என் நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள், அதற்குப் பிறகு யாரென்று எனக்கே தெரியாதம்மா, போட்ட பிறகு திரும்ப எடுக்கவும் முடியாது’ என்றேன். இரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன் என்று சொல்லி, அப்படியே இரண்டாம் நாள் அழைத்தார். எழுதிக்கொள், ஆனால் ஆள் தெரியாமல் எழுது என்றார். அதனால் வயது, வேலை, பச்சை குத்திய இடம், எப்போது குத்தினார் என்பவற்றை மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்ததை அவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். ஒரே ஒரு வரியை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன்.